இனிஷியல் இடம் மாறியதால் திரும்பிய பணம்: ஒரு வாசகருக்குக் கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதமும் அதனுடன் வைத்திருந்த பாஸ்புக், பான் கார்டு நகல்களும் கிடைத்தன. இதே சிக்கலோடு வேறு பலரும் எழுதியிருப்பதால், உங்களுக்குத் தனியாக எழுத வேண்டியதை எல்லாரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். உங்கள் பெயரையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் நீங்கள் முருகன், உங்கள் தந்தை கந்தசாமி.

நீங்கள் எழுதியதன் சாரம் இது. நீங்கள் வேலை பார்த்த மில் சம்பள நிலுவையாக 2,36,000 ரூபாயை நெஃப்ட் மூலம் அனுப்பியது. அன்று மதியமே அது மில்லின் கணக்குக்குத் திரும்பிவிட்டது. பெயர் பொருந்தவில்லை என்று காரணம் சொன்னார்கள். அதே மாதத்தில், வைப்புத்தொகை வட்டியில் பிடித்த வரியில் உங்களுக்கு வர வேண்டிய 14,200 ரூபாய் ரீஃபண்டும் வரவில்லை. வருமான வரி இணையதளத்தில் அது தோல்வி என்று காட்டுகிறது. கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் இரண்டு இடத்திலும் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் சென்னையில் இருக்கும் உங்கள் மகன் மாதந்தோறும் இதே கணக்குக்கு அனுப்பும் பத்தாயிரம் மட்டும் தவறாமல் வருகிறது. அவர் பெறுபவர் பெயர் என்ற இடத்தில் APPA என்றுதான் போட்டு வைத்திருக்கிறார். "அப்பா என்று எழுதினால் வருகிற பணம், என் முழுப் பெயரை எழுதினால் ஏன் திரும்பிப் போகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நியாயமான கேள்வி. வங்கியில் பணம் அனுப்பும் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முழு விடை இந்தக் கேள்விக்குள்ளேயேதான் இருக்கிறது.

நெஃப்ட் என்ற ஏற்பாடு தானாகப் பெயரைப் பார்ப்பதில்லை. ரிசர்வ் வங்கி 2010 அக்டோபர் 14ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மின்னணு முறையில் வரும் பணத்தை, கணக்கு எண்ணை மட்டும் வைத்தே பெறும் வங்கி வரவு வைக்கலாம் என்று அது சொன்னது. சரியான எண்ணைத் தரும் பொறுப்பு அனுப்புகிறவருடையது. ஒவ்வொரு வரவையும் ஒரு எழுத்தர் பெயர் பார்த்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தால், அரை மணிக்கு ஒரு தொகுப்பாக ஓடும் ஏற்பாடு ஓடவே முடியாது. உங்கள் மகன் அனுப்பும் பணம் வருவது இதனால்தான். அந்த APPA என்ற சொல்லை வழியில் யாரும் படிப்பதில்லை.

ஆனால் அதே சுற்றறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. பெறும் வங்கி தனக்கு ஆபத்து தோன்றும் இடத்திலோ, பின்னால் செய்யும் சரிபார்ப்பிலோ, தான் வைத்திருக்கும் வேறு முறையிலோ பெயரைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதாவது பெயர் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, பார்க்கக் கூடாது என்ற தடையும் இல்லை. மாதம் பத்தாயிரம் வந்து போகும் ஓய்வுபெற்றவர் கணக்கில், இதுவரை அனுப்பியிராத ஒரு நிறுவனத்திடமிருந்து திடீரென்று இரண்டு லட்சத்துக்கு மேல் வந்தால், வங்கியின் கண்காணிப்பு முறை அதை நிறுத்தி ஓர் அதிகாரியின் திரையில் போடும். அவர் பார்ப்பது இரண்டு வரிகள். மில் அனுப்பியதில் MURUGAN KANDASAMY. கணக்கில் K MURUGAN. முதல் பெயர் ஒரு கந்தசாமி, இரண்டாவது வேறொரு முருகன் என்று அவர் எண்ணினால் அதற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. தவறான ஆளுக்கு வரவு வைத்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். திருப்பி அனுப்பினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

உங்கள் இரண்டு பணமும் ஒரே காரணத்தால் நின்றாலும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. இதைப் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. தவறான கதவைத் தட்டிக்கொண்டே மாதக்கணக்கில் அலைகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிரித்துப் பார்க்க எளிய வழி யூடிஆர் எண்தான். ஒரு பணம் அனுப்புகிற வங்கியை விட்டுக் கிளம்பிவிட்டால் அதற்கு ஒரு யூடிஆர் எண் விழும். நெஃப்ட்டில் அது 16 எழுத்துகளும் எண்களுமாக இருக்கும், ஆர்டிஜிஎஸ்ஸில் 22. அனுப்பியவரிடம் அதைக் கேளுங்கள். எண் இருந்தால் பணம் கிளம்பியிருக்கிறது, திருப்பியது உங்கள் வங்கி. எண்ணே இல்லை என்றால் பணம் கிளம்பவே இல்லை. அனுப்புகிறவர் பக்கத்திலேயே ஏதோ ஒரு சரிபார்ப்பு அதை நிறுத்தியிருக்கிறது. அதற்கு உங்கள் கிளை மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

மில் அனுப்பியதற்கு யூடிஆர் இருக்கிறது. அந்தக் கட்டளையின் நகலில் நேரமும் இருக்கிறது. காலை 11.10க்குக் கொடுத்த கட்டளை 11.30 தொகுப்பில் போயிருக்கிறது. தொகுப்பு முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி வரவு வைக்க வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும் என்பது நெஃப்ட்டின் விதி. ஒன்றரை மணிக்குள் மில்லின் கணக்குக்குப் பணம் திரும்பியிருப்பது அந்த விதிப்படி நடந்ததுதான். அதைத் தாண்டி வங்கி பணத்தைக் கையில் வைத்திருந்தால், ரெப்போ வட்டிக்கு மேல் இரண்டு சதவீதம் சேர்த்து, தாமதமான நாட்களுக்கு அபராத வட்டி தர வேண்டும், அதுவும் யாரும் கேட்காமலே. உங்கள் விஷயத்தில் தாமதம் இல்லை, ஆகவே அதைக் கேட்க இடமில்லை.

ரீஃபண்டுக்கு யூடிஆர் இல்லை. அது உங்கள் வங்கிவரை வரவே இல்லை. வருமான வரித் துறை, முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட கணக்குக்கு மட்டும்தான் பணத்தைத் திருப்பித் தருகிறது. அந்தக் கணக்கோடு பான் இணைந்திருக்க வேண்டும். நீங்கள் கணக்கைச் சேர்த்தபோது இணையதளம் உங்கள் வங்கியைக் கேட்டிருக்கிறது. வங்கி K MURUGAN என்று சொல்லியிருக்கிறது. பானில் இருப்பது MURUGAN KANDASAMY. இணையதளத்தில் உங்கள் சுயவிவரப் பக்கத்துக்குப் போய் `My Bank Accounts` என்பதைத் திறந்தால், சேர்த்த கணக்குகளுக்குப் பக்கத்தில் தோல்வியுற்ற கணக்குகளுக்கென்று ஒரு தனிப் பகுதி இருக்கும். உங்கள் கணக்கு அதற்குள் காரணத்தோடு உட்கார்ந்திருக்கும். இதைப் பார்க்காமல் ரீஃபண்ட் வரும் வரும் என்று காத்திருந்ததுதான் உங்களுக்கு நேரத்தைத் தின்றது.

இனி, ஏன் K MURUGAN என்பதும் MURUGAN KANDASAMY என்பதும் இயந்திரத்துக்கு இரண்டு ஆளாகத் தெரிகின்றன என்பதற்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

பெயர் ஒப்பிடும் மென்பொருள்களில் பரவலாகப் பயன்படும் ஒரு முறை, ஒரு பெயரை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்று எண்ணுவது. இடைவெளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் வரும். அந்த எண்ணிக்கையை நீளமான பெயரின் எழுத்து எண்ணிக்கையால் வகுத்து, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சதவீதம் போடுவார்கள். அந்த நிறுவனம் வைத்திருக்கும் வரம்புக்கு மேல் வந்தால் பொருந்தியது, கீழே போனால் பொருந்தவில்லை.

உங்கள் பெயரையே போட்டுப் பார்ப்போம். K MURUGAN என்பது இடைவெளியோடு ஒன்பது எழுத்து. MURUGAN K என்பதும் ஒன்பது. ஒன்றை மற்றதாக மாற்ற, முன்னால் இருக்கும் எழுத்தையும் இடைவெளியையும் நீக்கி, பின்னால் அதே இரண்டையும் சேர்க்க வேண்டும். ஆக நான்கு மாற்றம். ஒன்பதில் நான்கு போனால் ஒப்புமை 56 சதவீதம். இப்போது K MURUGESAN என்று முற்றிலும் வேறொரு மனிதரை எடுத்துக்கொள்ளுங்கள். பதினோரு எழுத்தில் இரண்டே மாற்றம். ஒப்புமை 82 சதவீதம். வரம்பு 80 என்று ஒரு நிறுவனம் வைத்திருந்தால், அதே முருகன் திருப்பி அனுப்பப்படுவார், முருகேசன் உள்ளே விடப்படுவார். தவறான ஆளுக்குப் பணம் போகாமல் தடுக்கத்தான் இந்தச் சரிபார்ப்பு. நம் பெயர்களிடம் வரும்போது அது தன் வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. இதைத் தீர்ப்பது அப்படியொன்றும் கடினமான காரியமில்லை.

கொஞ்சம் கவனத்தோடு எழுதப்பட்ட மென்பொருள் பெயரைச் சொல் சொல்லாகப் பிரித்து, அகர வரிசையில் அடுக்கி, பிறகு ஒப்பிடும். அப்போது K MURUGAN, MURUGAN K இரண்டும் ஒன்றாகிவிடும். நூற்றுக்கு நூறு. ஆனால் இதற்கும் இரண்டு இடத்தில் சறுக்கல் உண்டு. பழைய கணக்குகளில் K.MURUGAN என்று புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தட்டியிருப்பார்கள். மென்பொருள் புள்ளியை நீக்கும்போது அது KMURUGAN என்று ஒரே சொல்லாகிவிடும். பிரிக்க ஒன்றுமில்லை, அடுக்கியும் பயனில்லை. இரண்டாவது சறுக்கல்தான் உங்களுடையது. ஒரு பக்கம் K, மறுபக்கம் KANDASAMY. அடுக்கிய பிறகும் KANDASAMY MURUGAN என்பதற்கும் K MURUGAN என்பதற்கும் எட்டு எழுத்து வித்தியாசம். பதினேழில் எட்டு போனால் 53 சதவீதம்தான். K என்பது KANDASAMY என்பதன் முதலெழுத்து, ஆகவே இரண்டும் முரண்படவில்லை என்று தனியாகச் சொல்லிக்கொடுத்தால்தான் மென்பொருளுக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பெயர் ஓரிடத்தில் தடையின்றிப் போய், இன்னோரிடத்தில் நிற்பதற்கு இதுதான் காரணம்.

இனிஷியல் ஏன் இரண்டு வடிவத்தில் வந்தது என்று கேட்டிருந்தீர்கள். 1987இல் நீங்கள் கணக்குத் தொடங்கியபோது, ரேஷன் கார்டில் இருந்ததுபோல க. முருகன் என்று சொல்லியிருப்பீர்கள். எழுத்தர் பேரேட்டில் K. Murugan என்று எழுதினார். பின்னாளில் கிளை கணினிக்கு மாறியபோது பேரேட்டில் இருந்தது அப்படியே ஏறியது. அதில் எந்தத் தவறும் இல்லை. அன்றைக்கு அதுதான் உங்கள் பெயர்.

பான் வாங்கும்போது கதை மாறுகிறது. நீங்கள் நிரப்பிய 49ஏ படிவத்தில் கடைசிப் பெயர், முதல் பெயர், நடுப்பெயர் என்று மூன்று கட்டம் இருந்தது. கடைசிப் பெயர் கட்டாயம். இனிஷியல் போடக் கூடாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாத நமக்கு இந்தக் கட்டத்தில்தான் பாதை இரண்டாகப் பிரிகிறது. முதல் பெயர் முருகன், கடைசிப் பெயர் கந்தசாமி என்று நிரப்பியவர்களுக்குப் பெயர் MURUGAN KANDASAMY என்று வந்தது. இனிஷியலைப் பின்னால் போடும் வழக்கத்தோடு இது பொருந்தும். தந்தை பெயரை முதல் கட்டத்திலும் தன் பெயரைக் கடைசிக் கட்டத்திலும் போட்டவர்களுக்கு KANDASAMY MURUGAN என்று வந்தது. இனிஷியலை முன்னால் போடும் நம் பழைய வழக்கத்தோடு இது பொருந்தும். இரண்டுமே சரி. எந்தக் கட்டத்தில் எதைப் போட்டார் என்பது பெரும்பாலும் படிவம் நிரப்பிக் கொடுத்த ஆளின் பழக்கம். உங்களுக்கு நிரப்பியவர் முதல் வகை.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறியும் உண்டு. கார்டில் அச்சிடும் பெயரில் முதல் பெயரையும் நடுப்பெயரையும் சுருக்கிக்கொள்ள அந்தப் படிவம் இடம் கொடுத்தது. கடைசிப் பெயரை மட்டும் சுருக்க முடியாது. ஆகவே இரண்டாவது வகையில் நிரப்பிய ஒருவர் கையில் இருக்கும் கார்டில் K MURUGAN என்று அச்சாகியிருக்கலாம், துறையின் பதிவில் KANDASAMY MURUGAN என்று இருக்கலாம். பாஸ்புக்கும் கார்டும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன, பிறகு ஏன் பொருந்தவில்லை என்று குழம்புகிறவர்கள் இந்த வகைதான். கார்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். இணையதளத்தில் உள்ளே நுழைந்தால் சுயவிவரப் பக்கத்தில் பானின்படி உள்ள பெயர் இருக்கும். ஒப்பிடப்படுவது அதுதான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. பானை மாற்றலாமா, வங்கிப் பதிவை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கிப் பதிவை மாற்றுங்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம். உங்கள் ஆதாரிலும் பானிலும் முருகன் கந்தசாமி என்று ஒரே வடிவம் இருக்கிறது. ஒதுங்கி நிற்பது வங்கிக் கணக்கு மட்டும்தான். ஒன்றைத் திருத்த இரண்டைக் கலைப்பதில் அர்த்தமில்லை. மேலும் ஆதாரில் பெயர் மாற்ற ஆயுளுக்கு இரண்டு வாய்ப்புதான் தருகிறார்கள். அதை இதற்குச் செலவழிக்கக் கூடாது.

கிளைக்குப் போகும்போது ஆதார், பான் இரண்டின் அசலையும் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு ஆதாரமாக வங்கி ஏற்றுக்கொள்ளும் ஆவணங்களில் ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் முதலியவை உண்டு. பான் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பானை மட்டும் நீட்டி மாற்றச் சொன்னால் மறுப்பார்கள், அதற்காகக் கோபப்பட வேண்டாம். கேஒய்சி புதுப்பிப்புப் படிவத்தோடு ஒரு கடிதமும் எழுதிக் கொடுங்கள். அதில் "K MURUGAN என்றும் MURUGAN KANDASAMY என்றும் குறிப்பிடப்படுபவர் நான் ஒருவனே" என்று ஒரு வரி இருக்கட்டும். சில கிளைகளில் இதற்கு உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். முதலில் கடிதத்தையே கொடுத்துப் பாருங்கள். பெயர் மாறவில்லை, இனிஷியல் விரிகிறது, அவ்வளவுதான் என்பதை மேலாளரிடம் பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் எண்ணின் கீழ் உள்ள பெயரை மாற்றுகிறார்களா, இல்லை கணக்கின் தலைப்பில் அச்சாகும் பெயரை மட்டும் மாற்றுகிறார்களா? வங்கி மென்பொருளில் இவை இரண்டும் தனித்தனி இடத்தில் இருக்கக்கூடும். ஒன்றை மாற்றி இன்னொன்றை விட்டுவிட்டால், புதிய பாஸ்புக்கில் புதுப் பெயர் அச்சாகும், வெளியே கேட்பவர்களுக்குப் பழைய பெயரே போய்க்கொண்டிருக்கும். பாஸ்புக்கைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட்டு மறுபடியும் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. உங்கள் மனைவியோடு கூட்டுக் கணக்காக இருந்தால், உங்கள் பெயர் முதலாவதாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றியது உண்மையில் வெளியே தெரிகிறதா என்று சோதிக்க இப்போது நல்ல வழி வந்திருக்கிறது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்புவதற்கு முன்பே பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை எல்லா வங்கிகளும் 2025 ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 டிசம்பர் 30ஆம் தேதி உத்தரவிட்டது. யூபிஐயிலும் ஐஎம்பிஎஸ்ஸிலும் முன்பே இருந்ததுதான். கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் கொடுத்தால், பெறும் வங்கியின் பதிவில் உள்ள பெயர் திரையில் வரும். கட்டணம் கிடையாது. உங்கள் மகனிடம் சொல்லி, தன் வங்கிச் செயலியில் உங்கள் கணக்கைப் புதிதாகச் சேர்ப்பதுபோல இரண்டு எண்ணையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டியதில்லை. திரையில் MURUGAN KANDASAMY என்று வந்தால் வேலை முடிந்தது. பழைய பெயரே வந்தால் கிளைக்கு மறுபடி போக வேண்டும். அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டு போனால் வாதம் சுருங்கும்.

அது சரியான பிறகுதான் வரித் துறையின் இணையதளத்துக்குப் போக வேண்டும். தோல்வியுற்ற கணக்கின் பக்கத்தில் `Re-Validate` என்று இருக்கும். அதை அழுத்தி, கணக்கு சரிபார்க்கப்பட்டது என்ற நிலைக்கு வந்ததும், சேவைகள் பட்டியலில் `Refund Reissue` என்பதைத் திறந்து, அந்த வருடத்தைத் தேர்ந்தெடுத்து, இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வரிசை மாறினால் பயனில்லை. கணக்கு சரியாகாமல் மறுவெளியீடு கேட்டால் அந்தப் பணம் அதே இடத்தில் மறுபடி நிற்கும்.

மில்லுக்கு வேறு வழி. அங்கே கணக்குப் பார்ப்பவரிடம், பெறுபவர் பெயரை வங்கிப் பதிவில் உள்ளபடியே போடச் சொல்லுங்கள். அவர் பானின்படி போட்டதற்குக் காரணம் இருக்கிறது. வரிப் பிடித்தக் கணக்கை அவர் பானில்தான் காட்ட வேண்டும். ஆனால் பணம் அனுப்பும் கட்டளையில் உள்ள பெயரும் வரிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. நிலுவைத் தொகை உடனே தேவை என்றால், வங்கிப் பதிவு மாறும்வரை காத்திருக்காமல் K MURUGAN என்றே போட்டு இன்றைக்கே அனுப்பச் சொல்லலாம். கூடவே உங்கள் கிளைக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: இன்ன நிறுவனத்திடமிருந்து இவ்வளவு தொகை வரப்போகிறது, இது சம்பள நிலுவை என்று. பெரிய தொகை வரும் முன் கிளைக்குச் சொல்லிவைப்பது பழைய வழக்கம். இன்றும் அதற்குப் பலன் உண்டு.

உங்கள் துணைவியார் விஷயத்தையும் கேட்டிருந்தீர்கள். அவருடையது உங்களுடையதைவிடச் சிக்கலானது. பாஸ்புக்கில் M SELVI. திருமணத்துக்குப் பிறகு உங்கள் பெயரின் முதலெழுத்து. பானில் SELVI RAJU. பான் படிவம் பெண்களிடமும் தந்தை பெயரைத்தான் கேட்டது, கணவர் பெயரை அல்ல. ஆகவே அவர் அப்பாவின் பெயர் அங்கே ஏறிவிட்டது. உங்கள் பெயரில் K என்பது KANDASAMY என்று விரியும் என்று ஒரு மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்க முடியும். M என்பது RAJU என்று எந்த விதியாலும் விரியாது. இங்கே பதிவை மாற்றுவதைத் தவிர வழியில்லை. இரண்டில் எந்தப் பெயரோடு இருக்க விரும்புகிறார் என்று அவரையே தீர்மானிக்கச் சொல்லுங்கள், அது அவருடைய பெயர். தந்தை பெயரோடு என்றால் வங்கியையும், ஆதாரில் கணவர் பெயர் இருந்தால் ஆதாரையும் மாற்ற வேண்டும். கணவர் பெயரோடு என்றால் ஆதாரைச் சரிபார்த்துக்கொண்டு பானைத் திருத்த வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் ஆதாரை முதலில் முடிக்க வேண்டும். மற்ற இரண்டு இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள்.

எழுத்துக்கூட்டு வேறுபாட்டையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தனபால் மகனுக்கு ஓரிடத்தில் D, ஓரிடத்தில் T. கணேசன் மகனுக்கு ஓரிடத்தில் G, ஓரிடத்தில் K. இனிஷியலே மாறிவிட்டால் அது செல்வி அம்மாளின் விஷயம் போலத்தான். பதிவைத் திருத்தியே ஆக வேண்டும்.

பேரன் பேத்திகளுக்கு என்ன பெயர் வடிவம் வைக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். பிறப்புச் சான்றிதழிலேயே இனிஷியலை விரித்து, தன் பெயர் முதலிலும் தந்தை அல்லது தாய் பெயர் பின்னாலும் வரும்படி எழுதச் சொல்லுங்கள். இனிஷியலை முன்னால் போடுவதில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் பான், பாஸ்போர்ட் என்று பின்னால் வரும் படிவங்கள் விரித்த பெயரையும் கடைசிப் பெயரையும் கேட்கும்போது, முதல் சான்றிதழிலேயே அந்த வடிவம் இருந்தால் பிறகு எந்தக் கிளையிலும் வரிசையில் நிற்க வேண்டாம். கையெழுத்தும் அழைப்பிதழும் எந்த வடிவத்தில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

இவ்வளவையும் உங்கள் மேல் சுமத்திவிட்டு, பொறுப்பு முழுவதும் உங்களுடையது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் வங்கிக் கணக்கோடு உங்கள் பான் எண் இணைந்திருக்கிறது. வரித் துறையிடமும் அதே பான் எண் இருக்கிறது. இந்தியாவில் ஒரு மனிதருக்கு ஒரு பான் எண்தான். பத்து எழுத்துள்ள அந்த எண் இரண்டு பக்கமும் ஒத்துப்போன பிறகு, ஒரு எழுத்து பெயருக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதற்காக ஒருவர் பணத்தை நிறுத்துவது தவறு. எண் ஒத்துப்போகும்போது இனிஷியல் வேறுபாட்டை முரண்பாடாகக் கொள்ளக் கூடாது என்று ஒரு விதி வந்தால், தமிழ்நாட்டில் உங்களைப்போன்ற பலருடைய அலைச்சல் தீரும். வங்கிகளும் நிறுவனங்களும் தங்கள் ஒப்பீட்டு மென்பொருளை நம் பெயர்களை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். K MURUGAN, MURUGAN K, K.MURUGAN, MURUGAN KANDASAMY, KANDASAMY MURUGAN ஆகிய ஐந்தையும் ஒரே ஆளாகவும், K MURUGESAN என்பதை வேறு ஆளாகவும் சொல்லாத மென்பொருள் இங்கே பயன்படுத்தத் தகுதியில்லாதது. இதை வங்கித் துறையில் இருக்கும் வாசகர்கள் படித்தால், உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்கு இந்த ஆறு பெயர்களையும் அனுப்பிவையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் முதலில் மில்லுக்குத் தொலைபேசியில் பேசி, K MURUGAN என்ற பெயரிலேயே நிலுவையை அனுப்பச் சொல்லுங்கள். அது வரவானதும் கிளைக்குப் போய்ப் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள், பெயரை மாற்றிவிட்டுப் பழைய பெயரில் பணம் வந்தால் மறுபடியும் அதே தொல்லை. கொடுத்த கடிதத்தின் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரீஃபண்ட் எங்கும் போய்விடாது. அது வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளர்